பாட்டியின் குரலில் எழுதுவோம்

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்றொரு பருவம் உண்டு. மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதை அழிக்க வரும் சிறுவனிடம் அழிக்க வேண்டாவென வேண்டுவதாக அது அமையும். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழிலும் இப்பருவம் உண்டு. கற்றறிந்த புலவர் சிறுமியராக நின்று பேசுகிறார். கவலையெல்லாம் மணல்வீட்டைப் பற்றியதே.

நாம் வயதில் மூத்தவராக நின்று எழுதிப் பார்ப்போம். திருநெல்வேலியிலிருந்து ஹடப்சருக்குப் புதிதாக வந்த பாட்டி பேசுவதாக ஒரு மாணவி எழுதினாள் எனக் கொள்வோம்:

“முதுமையால் என் முழங்கால் வலிக்கிறது. சந்தையில் கோத்திம்பீர் வாங்கினேன்.”

இதில் இரண்டு பிழைகள் உள்ளன. ‘முதுமையால்’ என்பது பாட்டியை வெளியிலிருந்து பார்ப்பவரின் விளக்கம். பாட்டிக்குத் தெரிவது மாடிப்படியும் வலியுமே. ‘கோத்திம்பீர்’ என்பது புனேயில் வளரும் மாணவியின் மராத்திச் சொல். பாட்டி கொத்தமல்லி என்பார். திருத்திய வடிவம் இது:

“ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள மூணு தடவ நின்னுட்டேன். கொத்தமல்லிக் கட்டு கையில கல்லா கனக்கு.”

எழுதியதை ஒரு முதியவரிடம் உரக்கப் படித்துக் காட்டுக. “இப்படி யார் பேசுவார்?” என்று அவர் கேட்கும் இடத்தில் கோடிடுக. அவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டு, அச்சொல்லையே எழுதுக. ஆயினும் ஒருவர் பேச்சு எல்லா முதியவருக்கும் பொருந்தாது. ஊர்தோறும் வழக்கு மாறும்.

பயிற்சி: ஐந்து வயதுக் குழந்தை இதே படிகளில் ஏறுவதை அக்குழந்தையின் குரலில் நான்கு தொடர்களில் எழுதுக.