காவல் காற்றும் கள்ளக் காற்றும்
(மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மேற்பார்வையாளர் எழுதும் கடிதம்)

அன்புள்ள தோழர்களுக்கு,

நாளை முதல் நோயாளிகளின் மாதிரிகளில் வளர்ந்த கிருமிகளைக் கையாளப் போகிறீர்கள். அதற்குமுன் காற்றைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

நம்மிடம் இருப்பது இரண்டாம் வகை பயோசேஃப்டி கேபினட். உங்களையும் கிருமியையும் பிரிப்பது முன்பக்கக் கண்ணாடி மட்டுமல்ல. அதன் கீழுள்ள திறப்பு வழியே நொடிக்கு சுமார் அரை மீட்டர் வேகத்தில் உள்ளே இழுக்கப்படும் காற்றும்தான். அது முன்விளிம்பில் உள்ள துளைத்தட்டில் இறங்கி, ஹெப்பா வடிகட்டிக்குப் போகிறது. வடிகட்டிய காற்றில் ஒரு பகுதி மேலிருந்து உங்கள் பெட்ரி தட்டின் மீது இறங்கும், மீதி வெளியேறும்.

அரை மீட்டர் என்பது மெல்லிய வேகம். பின்னால் ஒருவர் விறுவிறுவென்று நடந்தாலே அது கலையும். கையைப் பக்கவாட்டில் வீசினாலும் அப்படித்தான். அதனால் கையை நேராக நுழைத்து, நேராக எடுங்கள். நுழைத்ததும் ஒரு நிமிடம் பொறுத்து, காற்று நிலைப்பட்ட பின் வேலையைத் தொடங்குங்கள். துளைத்தட்டின் மேல் குறிப்பேட்டை வைத்தால் வழி அடைபட்டு, காற்று உங்கள் முகத்தை நோக்கித் திரும்பக்கூடும். துளைத்தட்டிலிருந்து பத்து சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள். பன்சன் அடுப்பு வேண்டாம். அதன் சூடு கீழிறங்கும் காற்றைக் குலைக்கும். சந்தேகம் வந்தால் திறப்பருகே மெல்லிய புகையைக் காட்டுங்கள். அது முழுக்க உள்ளே போக வேண்டும். வெளியே சுருண்டால் வேலையை நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.

கேபினட்டில் காவலாக நிற்கும் காற்று, ஆட்டோகிளேவில் எதிரியாகிவிடும். பயன்படுத்திய தட்டுகளை அங்கே 121 டிகிரி நீராவியில் வேகவைக்கிறோம். நீராவி குளிர்ந்த பொருளில் பட்டுத் தண்ணீராகும்போது வெளிவிடும் வெப்பம்தான் கிருமியைக் கொல்கிறது. நீராவி புக முடியாத இடத்தில் அந்த வெப்பமும் இல்லை. குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகு வெயிட் போடுவதும் உள்ளிருக்கும் காற்றை விரட்டத்தான்.

நாற்பது தட்டுகளைத் திணித்து, வாயை இறுகக் கட்டிய பை ஒன்றை எண்ணிப் பாருங்கள். வெளியே ஒட்டிய ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடுகள் வந்துவிடும். ஆனால் அது பையின் வெளிப்புறம் சூடானதை மட்டுமே சொல்கிறது. நடுவில் சிக்கிய காற்றைச் சுற்றியுள்ள தட்டுகளில் கிருமி உயிரோடு இருக்கலாம். இதை அறியத்தான் ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பத்தை வெகுவாகத் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியைப் பையின் நடுவில் வைக்கிறோம். பிறகு அதை இன்குபேட்டரில் வைக்கிறோம்; வித்து பிழைத்திருந்தால் குப்பியின் நிறம் மாறும். மாறினால் அந்தச் சுற்று தோல்வி; பையை மறுபடியும் ஏற்ற வேண்டும்.

ஆகவே பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், வாயைத் தளர்வாக விடுங்கள். திரவக் கல்ச்சர் குப்பிகளின் மூடியையும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். பிளீச் கலந்தவற்றை ஆட்டோகிளேவில் ஏற்றவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி, இப்படிக் கிருமி நீக்கிய பிறகே இக்கழிவு மஞ்சள் பிரிவில் ஆய்வகத்தை விட்டுப் போகலாம். பதிவேட்டில் கையெழுத்திடும் முன் டேப்பை மட்டும் பார்க்காதீர்கள். கடைசியாக வைத்த வித்துக் குப்பியின் முடிவையும் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேற்பார்வையாளர்