படத்தின் மேலேயே ஒரு வரி

மாத இதழில் இனி ஏ.ஐ. படங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று குடியிருப்போர் சங்கங்கள் அறிவிப்பு எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. பெரும்பாலும் அது ‘ஏ.ஐ. படங்களுக்குத் தடை’ அல்லது ‘தாராளமாகப் பயன்படுத்தலாம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இரண்டுமே போதாது. அந்தப் படம் இதழில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் விதி வகுக்க வேண்டும்.

சுமார் நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். தை மாத இதழ் தயாராகிறது. அட்டைக்கு ஒரு பொங்கல் பானை, உள்ளே விழாவன்று எடுத்த குழுப் படம், கடைசிப் பக்கத்தில் மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை முடிந்த செய்தி.

அட்டைப் பானை வெறும் அலங்காரம். அதை ஏ.ஐ. வரைந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனாலும் அச்சுக்குப் போகும் முன் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பானை மேல் ‘பொங்கல்’ என்று எழுதியிருந்தால் கொம்பு இடம் மாறியிருக்கலாம், புள்ளி விழுந்திருக்கலாம். வாசலில் சிக்குக் கோலம் இருந்தால் ஒரு கோட்டைப் பிடித்து விரலால் தொடர்ந்து பாருங்கள். கையால் போட்ட கோலத்தில் கோடு புள்ளிகளைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஏ.ஐ. கோலத்தில் பல நேரம் நடுவழியில் அறுந்தோ, வேறொரு கோட்டுடன் கரைந்தோ போகும்.

குழுப் படம் அப்படியல்ல. மாலை வெளிச்சத்தில் எடுத்ததால் முகங்கள் மங்கலாக இருக்கின்றன. இதழ் தயாரிப்பவர், நல்லெண்ணத்தோடுதான், ‘தெளிவாக்கித் தா’ என்று ஒரு செயலியிடம் கொடுக்கிறார். மங்கலான படத்தில் பதிவாகாத கண்ணையும் மூக்கையும் எந்தச் செயலியாலும் மீட்டெடுக்க முடியாது. தான் பழகிய எண்ணற்ற முகங்களிலிருந்து, இங்கே இப்படி இருக்கக்கூடும் என்று ஊகித்து அது நிரப்புகிறது. அதனால் பாட்டியின் சுருக்கங்கள் மறைந்து வேறொருவர் முகம் வந்து நிற்கும். பின்வரிசையில் இல்லாத ஒரு கை முளைக்கும். வெளிச்சத்தைக் கூட்டுவதும் ஓரத்தை வெட்டுவதும் திருத்தம்தான். முகத்தைப் புதிதாக வரைவது திருத்தமாகாது.

படத்தில் குழந்தைகள் இருந்தால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. பல செயலிகளில் ஏற்றும் படம் நம் கைப்பேசியைத் தாண்டி வெளி நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. ஆகவே பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகள் படத்தை எந்த ஏ.ஐ. செயலியிலும் ஏற்றுவதில்லை என்று சங்கமே முடிவெடுப்பது நல்லது.

மூன்றாவது படம்தான் முக்கியம். மொட்டை மாடிச் செய்திக்குப் படம் கிடைக்கவில்லை என்று ஏ.ஐ. வரைந்த பளபளப்பான வெள்ளைத் தளத்தைப் போட்டால், வேலை அப்படித்தான் முடிந்திருக்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள். அடுத்த மழையில் மேல் மாடி வீட்டின் கூரை ஒழுகும்போது ஒப்பந்ததாரரிடம் காட்ட ஆதாரம் இருக்காது. தளத்தின் மூலைகளிலும் வடிகுழாய் வாயைச் சுற்றியும் பூச்சு ஏறியிருந்ததா என்பதை உண்மைப் புகைப்படம் மட்டுமே சொல்லும். படம் இல்லையென்றால் செய்தியைப் படமில்லாமலே வெளியிடலாம்.

இதன்படி அறிவிப்பை இப்படி எழுதலாம்:

“விழா, வேலை, சேதம், கணக்கு, மனிதர்கள் பற்றிய செய்திகளுக்கு நேரில் எடுத்த புகைப்படம் மட்டுமே இடம்பெறும். வாழ்த்து, அட்டை, கதைக்கான ஓவியம் ஆகியவற்றுக்கு ஏ.ஐ. படம் பயன்படுத்தலாம், ‘ஏ.ஐ. உருவாக்கிய படம்’ என்ற வரி படத்தின் மேலேயே பொறிக்கப்படும். குடியிருப்போர் எவர் படத்தையும் அவர் ஒப்புதலின்றி, குழந்தைகள் படத்தைப் பெற்றோர் ஒப்புதலின்றி ஏ.ஐ. செயலியில் ஏற்றக் கூடாது. தவறு நேர்ந்தால் அன்றே வாட்ஸ்அப் குழுவிலும், அடுத்த இதழின் முதல் பக்கத்திலும் திருத்தம் வெளியாகும்.”

‘படத்தின் மேலேயே’ என்பதற்குக் காரணம் உண்டு. இதழின் அடிக்குறிப்பில் போட்டால், யாராவது படத்தை மட்டும் வெட்டி வேறு குழுவுக்கு அனுப்பும்போது குறிப்பு அங்கேயே நின்றுவிடும். சில செயலிகள் கோப்புக்குள் மறைவாக வைக்கும் அடையாளத் தகவலும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது பெரும்பாலும் நீங்கிவிடும்.

கண்ணால் பார்த்தே ஏ.ஐ. படத்தைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் நாளுக்கு நாள் பலவீனமாகிறது. அதனால் செயலாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான். இதழுக்கு வரும் ஒவ்வொரு புகைப்படத்துக்கும் எடுத்தவர் பெயரையும் தேதியையும் கேட்டு, மூலக் கோப்பைச் சங்கத்தின் கோப்புறையில் சேமிக்க வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புக்கு ஒப்பந்ததாரர் சில ஆண்டு உத்தரவாதம் தந்திருப்பார். அதற்குள் செயற்குழு மாறிவிடும். புதிய குழு அவரோடு பேச உட்காரும்போது அந்தக் கோப்புறைதான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.