ஷிப்ட் குறைந்தால் யார்டைப் பாருங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினாலும் எங்களுக்கு ஷிப்ட் குறைகிறது. கரி, டீசல் விலை எகிறினாலும் ஷிப்ட் குறைகிறது. முன்னதை ‘விலைவாசியைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கை’ என்கிறார்கள், பின்னதைத் ‘தேக்க வீக்கம்’ என்கிறார்கள். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகிறது?”

ஷிப்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பொருளியல் பாடத்தில் வரும் தொகு தேவை, தொகு அளிப்புப் படத்தில் கிடைமட்ட அச்சு நாட்டின் மொத்த உற்பத்தி, செங்குத்து அச்சு பொது விலை மட்டம். உங்கள் ஷிப்ட் கிடைமட்ட அச்சைச் சேர்ந்தது. இரண்டு நிகழ்விலும் உற்பத்தி இடப்பக்கம்தான் நகர்கிறது. வித்தியாசம் முழுவதும் செங்குத்து அச்சில் இருக்கிறது: ஒன்றில் விலை இறங்குகிறது, மற்றதில் ஏறுகிறது. நகர்ந்தது வேறு வேறு கோடு என்பதே காரணம்.

முதலில் வட்டியைப் பார்ப்போம். 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்தியது. 2023 பிப்ரவரியில் அது 6.50 ஆனது. இந்த இரண்டரை சதவீதம் டி.எம்.டி. கம்பி வரை எப்படி வந்து சேர்கிறது? 20 ஆண்டுத் தவணையில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். வட்டி 6.75 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 22,800 ரூபாய். அதுவே 9.25 ஆனால் சுமார் 27,500. வீடு கட்ட நினைத்தவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்குவார்கள். கடன் வாங்கிச் சரக்கு வைக்கும் கம்பி வியாபாரி நூறு டன் வைத்த இடத்தில் அறுபது டன் வைப்பார். ஆலை உருட்டிய கம்பி யார்டில் தேங்கும். முதலில் டீலருக்குத் தள்ளுபடி, பிறகு ஷிப்ட் குறைப்பு.

படத்தில் இது தொகு தேவைக் கோடு இடப்பக்கம் நகர்வது. அளிப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதிய வெட்டுப்புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே கீழ்நோக்கிச் சறுக்குகிறது. விலையும் உற்பத்தியும் சேர்ந்தே இறங்குகின்றன. சம்பளமும் ஒப்பந்த விலைகளும் உடனே இறங்குவதில்லை. அதனால்தான் அடி முதலில் உற்பத்தியில் விழுகிறது. ஃபர்னஸ், மின் இணைப்பு, ஆள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, வாங்குபவர்தான் இல்லை என்பதைக் கவனியுங்கள். சம்பளமும் மூலப்பொருள் விலையும் புதிய நிலைக்குப் பழகிய பிறகு உற்பத்தி பழைய அளவுக்குத் திரும்ப இடம் இருக்கிறது.

மற்றது வேறு மாதிரி. 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின் இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு மின் கட்டுப்பாடு வந்தது, பல ஆண்டு நீடித்தது. பழைய இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் தின்னும். பாதி உருகும்போது மின்சாரம் போனால் உலோகம் உள்ளேயே உறையத் தொடங்கும். டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஆர்டர் கையில் இருந்தாலும் உருக்க வழி இல்லை. இந்த மின்வெட்டு தமிழ்நாட்டோடு நின்றதால் நாடு முழுவதற்குமான அளிப்புக் கோட்டை அது பெரிதாக அசைத்திருக்காது. கம்பி விலையை வெளிமாநில ஆலைகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆனால் இதே தடை கச்சா எண்ணெயிலோ நிலக்கரியிலோ நாடு முழுவதும் விழுந்தால், தொகு அளிப்புக் கோடே இடப்பக்கம் போகும். அப்போது வெட்டுப்புள்ளி தேவைக் கோட்டின் மேலே ஏறுகிறது. உற்பத்தி குறைய, விலை உயர்கிறது. தேக்க வீக்க அதிர்ச்சி என்பது இதுதான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் புறநகர் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வழக்கத்தைவிடக் குறைவான பேர் வந்து இறங்குகிறார்கள். காரணம் தெரிய எண்ணிக்கை போதாது, பெட்டிக்குள் பார்க்க வேண்டும். இருக்கைகள் காலியாக இருந்தால் கிளம்பியவர்களே குறைவு. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தால் ரயில்கள் குறைவு. ரயில் குறைந்த நாளில், கூட்டத்தைத் தணிக்க “பாதிப் பேர் வீட்டிலேயே இருங்கள்” என்று அறிவித்தால் நெரிசல் குறையும், ஆனால் கும்மிடிப்பூண்டி வந்து சேர்பவர்கள் இன்னும் குறைவார்கள். இன்னொன்றும் நடக்கும். நாளைக்கும் கூட்டம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் அரை மணி முன்பே வந்து பிளாட்பாரத்தில் நிற்பார்கள். ரயில் எண்ணிக்கை சரியான பிறகும் அந்த நம்பிக்கையே சில நாள் நெரிசலை உண்டாக்கும்.

மத்திய வங்கிகள் அஞ்சுவது இப்படி முன்கூட்டி வந்து நிற்பதைத்தான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச்சில் கச்சா எண்ணெய் பீப்பாய் 120 டாலரைத் தாண்டியது. ஏப்ரலில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். தொடக்கத்தில் இதில் பெரும்பங்கு அளிப்பு அதிர்ச்சி. ரிசர்வ் வங்கியின் கையில் இருப்பதோ தேவைக் கோட்டை நகர்த்தும் கருவி மட்டுமே. வட்டியை உயர்த்தி எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாது. படத்தில் இரண்டு அடிகளையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள்: அளிப்பு இடப்பக்கம் போய் விலை ஏறி, உற்பத்தி குறைகிறது. அதன்மேல் தேவையும் இடப்பக்கம் போகிறது. விலை கீழே வருகிறது, உற்பத்தி இரண்டாவது முறையும் குறைகிறது. இந்த விலையைக் கொடுத்து வாங்குவது ஒன்றே ஒன்று: விலைவாசி 8 சதவீதத்தில்தான் ஏறும் என்று எல்லோரும் நம்பி, அதன்படியே சம்பளமும் ஒப்பந்தமும் எழுதத் தொடங்கினால் அளிப்புக் கோடு இன்னும் மேலே போகும். அதைத் தடுப்பது. தடுப்பது அவசியமா என்பதில் வாதம் செய்யலாம். செலவில்லாமல் நடக்கும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

அந்த ஆண்டில் “இந்தியாவில் தேக்க வீக்கம்” என்ற தலைப்புகள் நிறைய வந்தன. வீக்கம் இருந்தது, தேக்கம் இல்லை. 2022-23இல் வளர்ச்சி 7 சதவீதத்துக்குக் குறையவில்லை. உண்மையான தேக்க வீக்கம் எப்படியிருக்கும் என்பதற்கு 1974-75 இருக்கிறது: வறட்சிக்கும் எண்ணெய் விலை நான்கு மடங்கானதற்கும் பிறகு, மொத்த விலைப் பணவீக்கம் சுமார் 25 சதவீதம், வளர்ச்சி 1 சதவீதத்தை ஒட்டி. 1974 ஜூலையில் வங்கி விகிதத்தை 9 சதவீதமாக்கினார்கள், ஊதிய உயர்வைக் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள்.

படத்தை அப்படியே நம்பக் கூடாத இடம் ஒன்று உண்டு. அதில் விலை மட்டம் கீழே இறங்குகிறது. நடப்பில் இரண்டு கோடுகளும் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருப்பதால், பொது விலை இறங்குவதில்லை, ஏறும் வேகம் குறைகிறது. வட்டி உயர்வின் முழு விளைவு தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் அளிப்பு தானாகவே சரியாகிவிட்டால், விலையேற்றம் தணிந்ததற்கான பெயரை எந்தக் கோட்டுக்குக் கொடுப்பது என்பதே சிக்கல்.

ஆகவே கேள்வி கேட்ட நண்பருக்கு: ஷிப்ட் குறையும்போது யார்டில் கம்பி குவிந்து, டீலருக்குத் தள்ளுபடி கிடைத்தால் அது தேவைச் சுருக்கம். யார்டு காலியாகி, ஆர்டர் காத்திருந்து, விலையும் ஏறினால் அது அளிப்பு அதிர்ச்சி. ஒரே ஆலையை வைத்து நாட்டைத் தீர்மானிக்க வேண்டாம். உற்பத்தி நிறுவனங்களின் ஆர்டர், கையிருப்பு, உற்பத்தித் திறன் பயன்பாடு பற்றி ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் ஆய்வு முடிவு வெளியிடுகிறது. அதில் விற்பனையோடு ஒப்பிட்ட முடிந்த சரக்கின் கையிருப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.