முறுக்கைப் பங்கிடும் பித்தளையும் எஃகும்

பட்டறை மேசைமேல் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுத் தண்டு. பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். அதன் வெளிவிட்டம் 60. உள்விட்டம் 40-ஐவிட 0.025 மில்லிமீட்டர் குறைவு. தலைமுடிப் பருமனில் பாதிகூட வராத இந்தக் குறைவினால், குளிர்ந்த நிலையில் தண்டு குழாய்க்குள் நுழையாது. குழாயை மட்டும் அறை வெப்பத்துக்கு மேல் 100 டிகிரி சூடேற்றினால் துளை 0.075 மில்லிமீட்டர் விரியும். தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆறியதும் குழாய் சுருங்கித் தண்டைக் கவ்விக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றுவதும் இதே முறைதான். பட்டறையில் இதை ஷ்ரிங்க் ஃபிட் என்பார்கள்.

இப்போது இந்த ஜோடியை 3000 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்து முறுக்குவோம். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 300 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. இதில் யார் எவ்வளவு சுமப்பார்கள்? எஃகுதான் பெரும்பங்கைச் சுமக்கும் என்றே யாருக்கும் தோன்றும். முறுக்கை எதிர்க்கும் விறைப்பில் பித்தளை எஃகில் பாதிதான்: எஃகுக்கு 80 என்றால் பித்தளைக்கு ஏறத்தாழ 40.

ஆனால் விடை வேறு. இரண்டும் இறுகிப் பிடித்திருப்பதால் ஒன்று திரும்பும் கோணம்தான் மற்றதும் திரும்பும் கோணம். அந்த ஒரே கோணத்துக்கு எது அதிகம் முரண்டு பிடிக்கிறதோ, அதன்மேல்தான் அதிக டார்க் விழும். அந்த முரண்டு, பொருளின் விறைப்போடு விட்டத்தின் நான்காம் அடுக்கையும் பொறுத்தது. 40-இன் நான்காம் அடுக்கு 25.6 லட்சம், இது தண்டின் கணக்கு. 60-க்கு 129.6 லட்சம். நடுவில் உள்ள துளைக்காக 25.6 லட்சத்தைக் கழித்தால் குழாய்க்கு 104 லட்சம் மிஞ்சுகிறது. இவற்றை விறைப்பால் பெருக்கினால் எஃகு 2048, பித்தளை 4160. அதாவது 3000-இல் பித்தளை சுமப்பது சுமார் 2010, எஃகு 990. மெத்தென்ற உலோகம், மையத்திலிருந்து தள்ளி இருப்பதாலேயே மூன்றில் இரண்டு பங்கைத் தாங்குகிறது.

இனி, உலோகத்தின் உள்ளே அடுக்கை அடுக்கு சறுக்கித் தள்ளப் பார்க்கும் தகைவு. மையத்தில் அது சுழி; வெளியே போகப் போக ஆரத்தோடு சேர்ந்து ஏறும். எஃகின் மேற்பரப்பில் சதுர மில்லிமீட்டருக்கு 79 நியூட்டன். குழாய் இல்லாமல் தண்டு தனியாகச் சுமந்திருந்தால் அதே இடத்தில் 239 வந்திருக்கும். பித்தளையின் வெளிப்பரப்பில் 59, உள்பரப்பில் 39.

இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தைக் கவனியுங்கள். எஃகின் பக்கம் 79, ஒட்டியிருக்கும் பித்தளையின் பக்கம் 39. அங்கே உருக்குலைவு இரண்டுக்கும் ஒன்றே. பித்தளையின் விறைப்பு பாதி என்பதால் தகைவும் பாதி. கணக்குப் போட்டவர் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான். இந்த விகிதம் வராவிட்டால் பங்கீட்டில் எங்கோ பிழை.

இதெல்லாம் பிடி நழுவாதவரைதான் உண்மை. பெரும்பாலும் டார்க் உள்ளே வருவது எஃகுத் தண்டின் முனை வழியாக. பித்தளை தன் 2010-ஐ உராய்வு மூலமாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் விட்ட 0.025 இறுக்கம் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 20 நியூட்டன் அழுத்தம் தரும். உராய்வெண் 0.15 என்று கொண்டால், முழுப் பங்கும் கைமாற ஏறக்குறைய 270 மில்லிமீட்டர் நீளம் வேண்டும். குழாய் தொடங்கும் இடத்தில் எஃகு இன்னமும் 239-ஐத்தான் சுமந்துகொண்டிருக்கும். 79-ஐ மட்டும் நம்பித் தண்டைத் தேர்ந்தெடுத்தால், முறிவு அங்கேதான் தொடங்கும்.

சூடு இன்னொரு எதிரி. எஃகைவிடப் பித்தளை அதிகம் விரியும். இரண்டும் சேர்ந்து 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் இறுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். 270 மில்லிமீட்டர் என்றது 800 ஆகிவிடும். 90 டிகிரி கூடினால் பிடியே இருக்காது. குழாய் சும்மா சுற்றியிருக்கும். முழு டார்க்கும் எஃகின் தலையில் விழும்.

நழுவியதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பொருத்தியவுடன் குழாயின் விளிம்பில், பித்தளையிலும் எஃகிலும் சேர்ந்தாற்போல் ஊசியால் ஒரு நேர்க்கோடு கீறிவைக்க வேண்டும். சில மாத ஓட்டத்துக்குப் பிறகு, சுமையை இறக்கிவிட்டுப் பார்க்கும்போது, அந்தக் கோடு இரண்டு துண்டாக விலகி நின்றால் குழாய் திரும்பியிருக்கிறது. அந்த விளிம்பிலேயே செம்பழுப்புப் பொடி கசிந்திருந்தால், எஃகும் பித்தளையும் உள்ளே ஒன்றோடொன்று உரசத் தொடங்கிவிட்டன.