மூன்று கரண்டிச் சேற்றில் 537 செடிகள்

ஒரு பிப்ரவரியில் சார்லஸ் டார்வின், சிறு குட்டை ஓரம் நீருக்கடியில் மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டி சேறு எடுத்தார். காய்ந்தபின் அது 200 கிராம்கூட இல்லை. ஆறு மாதம் மூடிவைத்து, முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணினார்: 537 செடிகள்.

உடனுக்குடன் பிடுங்கியதுதான் சூட்சுமம். விட்டுவைத்தால் முந்தி வந்தவை நிழல் கட்டி மற்றவற்றை எழவிடாது. ஆனால் கரண்டிக்குப் பரப்பளவு கிடையாதே! அதனால் இன்று 5 செ.மீ. விட்டமுள்ள குழாயை மண்ணில் இறக்குகிறார்கள். விதைகள் அங்கங்கே குவிந்து கிடப்பதால், பெரிய குழி ஒன்றைவிடச் சிறு குழாய்கள் பல நல்லது. பத்துக் குழாய்களின் பரப்பு சுமார் 196 சதுர செ.மீ. அதில் 40 நாற்றுகள் வந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,040.

மண்ணைத் தட்டில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கனமாகப் போட்டால் அடியிலுள்ள விதைக்கு வெளிச்சம் எட்டாது. பக்கத்தில், சூடாக்கி விதை நீக்கிய மணல் மட்டுமே உள்ள தட்டு ஒன்றும் இருக்கட்டும். அதில் புல் தலைகாட்டினால் அது வெளியிலிருந்து வந்த விதை. மற்றத் தட்டுகளில் உள்ள அதே புல்லும் சந்தேகத்துக்குரியது. இனம் தெரியாத நாற்றைத் தொட்டிக்கு மாற்றி, பூக்கும்வரை காத்திருப்பார்கள். இந்த எண்ணிக்கையில் உறக்கம் கலையாத விதைகள் சேராது என்பதையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.