நின்னும் நீங்களும்

மாண்டரின் சீனத்தில் 'நீ' என்பதற்கு 'நி' என்ற சொல் உண்டு. மூத்தவரிடமோ அறிமுகமில்லாதவரிடமோ பேசும்போது அது 'நின்' ஆகிவிடும். எழுதும்போது 'நி'யின் கீழே இதயத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்ப்பார்கள். 'ச்சிங்' என்பது வேண்டுகோளைப் பணிவாக்கும் சொல்.

விருந்தாளியிடம் 'ச்சிங் நின் சுவோ' என்பார்கள். 'சுவோ' என்றால் இருத்தல். இவ்வினை ஆளுக்கேற்ப மாறாது. ஆகவே மரியாதை முழுவதும் முதலிரு சொற்களிலேயே தங்கியுள்ளது. ஆங்கிலத்திலோ எல்லோருக்கும் 'யூ' ஒன்றுதான். எனவே 'ப்ளீஸ் ஹாவ் எ சீற்' என்று வாக்கிய அமைப்பால் அதை ஈடுசெய்ய வேண்டும்.

தமிழில் மரியாதை வினையின் ஈற்றில் நிற்கிறது. 'தயவுசெய்து நீங்கள் இருங்கள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அறிவித்தல் பலகை போலாகும். வாப்பாவைத் தேடி வரும் பெரியவரிடம் நாம் 'இருங்கோ' என்றுதானே சொல்கிறோம்? அந்த 'ங்கோ'வில் ச்சிங், நின் இரண்டும் அடங்கிவிடுகின்றன.

யாழ்ப்பாணத்தில் நீ, நீங்கள் ஆகியவற்றுக்கிடையே 'நீர்' என்றொரு படியும் உண்டு. மாண்டரினில் இந்த நடுப்படி இல்லை. 'நின்' மரியாதைச் சொல்தானே என்று 'நீர்' எனப் பெயர்த்தால், அந்தப் பெரியவரைச் சமவயதுக்காரராக்கிவிடுவோம். அங்கே 'நீங்கள்'தான் பொருந்தும்.

'ச்சிங்' வரும் இடத்தையும் பார்க்க வேண்டும். 'வோ' என்றால் நான். 'வோ ச்சிங் நின்' என்று வந்தால் அது வேண்டுகோளன்று, 'நான் உங்களை அழைக்கிறேன்' என்பதாகும். அங்கே 'தயவுசெய்து' என்று எழுதினால், கிடைத்த விருந்தழைப்பே காணாமற்போய்விடும்.