'பெண் புத்தி பின் புத்தி': இன்னும் சொல்லலாமா?

கட்டுரையில் பழமொழி சேர்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பரிசளிப்பு விழாவிலும் நிகாஹ் வீட்டிலும் பேசுபவர்கள் தாராளமாக எடுத்துவிடுகிறார்கள். அவற்றில் சில, பெண்ணையோ ஒரு குலத்தையோ தாழ்த்துபவை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அந்த இழிவு பழமொழியின் கருத்திலேயே இருக்கிறதா, சொல்லில் மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்பதை 'ஆடத் தெரியாதவர்' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் குறையாது. தன் குறையை மறைக்க வேறொன்றைப் பழிப்பவர்மீதுதான் அதன் குத்தல். அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

'பெண் புத்தி பின் புத்தி' அப்படியல்ல. 'பெண்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. இதைக் காப்பாற்ற, 'பின்னால் வரப்போவதை முன்பே அறியும் புத்தி' என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். கேட்க அழகுதான். ஆனால் பழமொழியின் பொருள் அது வழங்கும் இடத்தில்தான் தெரியும். மனைவி சொன்ன யோசனை பலித்தபோது யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் பேச்சைத் தட்டிக்கழிக்கும்போதுதான் சொல்கிறார்கள்.

நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஹுதைபிய்யாவில், உம்ரா செய்யாமல் திரும்ப வேண்டிய கவலையில் இருந்த ஸஹாபாக்கள், பலியிட்டுத் தலைமுடி களையச் சொன்னபோது எழவில்லை. 'யாரிடமும் பேசாமல் நீங்களே போய் முதலில் செய்யுங்கள்' என்ற கருத்தில் ஆலோசனை சொன்னவர் உம்மு ஸலமா (ரழி). நபி (ஸல்) அவர்கள் அப்படியே செய்தார்கள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். இந்தச் சம்பவத்தை பயானில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அந்தப் பழமொழியைச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

சாதிப் பழமொழிகளிலும் இதே சோதனைதான். 'அம்பட்டன் குப்பையைக் கிளறினால் மயிர்தான் வரும்' என்பதில் தொழிலின் பெயரே வசையாக நிற்கிறது. பெயரை மாற்றினால் பழமொழியே இல்லை. நமக்குள் சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டே, ஒஸ்தா குடும்பத்தில் சம்பந்தம் பேசத் தயங்கிய சமூகம் நாம். இது நம்மைத் தொடாத பழமொழி என்று சொல்ல முடியாது.

அதற்காக இவற்றைத் தொகுப்புகளிலிருந்து வெட்டி எறியச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த பேர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. அன்றைய மனிதர் எப்படி நினைத்தார் என்பதற்கு அவை சாட்சி. சாட்சியாகக் காட்டுவது வேறு, நம் பேச்சுக்குத் துணையாக அழைப்பது வேறு. 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று சொல்லியே என் உம்மும்மாவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள்' என்று ஒரு மாணவி எழுதினால், அந்த வரிக்கு நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன்.